அரைவட்டத்துக்குள் ஏன் எப்போதும் செங்கோணம்? கவராயத்திலிருந்து காப்பிக் களம் வரை

சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் கேட்டவை, அவர்களின் பெற்றோர் கேட்டவை, ஏற்காட்டில் கட்டட வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரி கேட்டவை எல்லாம் கலந்து கீழே இருக்கின்றன. படம் போட்டிருக்கவில்லை. ஒரு தாளும் கவராயமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படிக்கப் படிக்க நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.

"சார், புள்ளிய எங்க வச்சாலும் 90 வருது. ஆனா ஏன் வருது?"

O மையமாக ஒரு வட்டம் வரைந்து, AB என்று ஒரு விட்டம் போடுங்கள். பரிதியில் A, B இரண்டையும் விட்டுவிட்டு எங்காவது C வையுங்கள். CA, CB இரண்டையும் சேர்த்தால் முக்கோணம் வந்துவிடும். ஆனால் இந்த மூன்று கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் பிடிபடாது. C-யிலிருந்து O-வுக்கு இன்னொரு கோடு போட வேண்டும். நிரூபணத்தின் உயிர் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

இப்போது OA, OB, OC மூன்றும் ஒரே நீளம், ஏனென்றால் மூன்றும் ஆரங்கள். பெரிய முக்கோணம் இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே இருசமபக்க முக்கோணங்களாகிவிட்டன. இடது பக்கத்தில் OA = OC என்பதால் A-யில் இருக்கும் கோணமும், C-யில் அந்தப் பக்கம் விழும் கோணமும் சமம். அதை x என்போம். வலது பக்கத்தில் அதே மாதிரி B-யில் y, C-யில் இன்னொரு y. அப்படியானால் C-யில் மொத்தக் கோணம் x + y.

பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டுங்கள்:

x + y + (x + y) = 180°

ஆக x + y = 90°. C-யில் இருப்பது அதுதான். தேல்ஸ் தேற்றம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

C-யை நகர்த்தும்போது x மாறும், y-யும் மாறும். A-யில் 20 பாகை இருந்தால் B-யில் 70. A-யில் 35 ஆனால் B-யில் 55. ஒன்று விட்டுக்கொடுத்ததை மற்றது எடுத்துக்கொள்கிறது, கூட்டல் அசைவதில்லை. முக்கோணத்தின் 180 பாகையில் C எப்போதும் சரிபாதி, A-யும் B-யும் சேர்ந்து மறுபாதி. எந்த இடத்திலும் வட்டத்தின் அளவையோ C-யின் இடத்தையோ நாம் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'எப்போதும்' என்று துணிந்து சொல்ல முடிவது அதனால்தான்.

"C-ய A-கிட்ட கொண்டு போயிட்டே இருந்தா? அப்பவும் 90 தானா?"

ஆமாம், A-யைத் தொடாத வரை. C-யை A-க்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் செங்கோணம்தான். CA குட்டிக் கோடாகிவிடும், CB கிட்டத்தட்ட விட்டத்தின் மேலேயே படுத்துவிடும். A-யிலேயே C விழுந்துவிட்டால் முக்கோணமே இல்லை, கோணத்தைப் பற்றிக் கேட்க முடியாது.

ஆனால் அந்தக் குட்டிக் கோடு CA எந்தத் திசையில் நிற்கிறது என்று பாருங்கள். C நெருங்க நெருங்க அது A-யில் வட்டத்தைத் தொடும் தொடுகோட்டின் திசையை நோக்கிப் போகிறது. தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து என்று தனியாகப் படிக்கிறோமே, அது இந்தத் தேற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

"நான் அளந்தா 89 வருது. தேற்றம் தப்பா, பாகைமானி தப்பா?"

பெரும்பாலும் விட்டம் தப்பு. அளவுகோலை மையப் புள்ளி மேல் வைக்கும்போது ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும். 5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் கோடு மையத்திலிருந்து 1 மி.மீ. தள்ளிப் போனால், பரிதியில் கோணம் ஏறத்தாழ 1.15 பாகை மாறிவிடும். கோட்டின் எந்தப் பக்கம் மையம் இருக்கிறதோ அந்தப் பக்கப் பரிதியில் 89-க்குக் கொஞ்சம் கீழே, எதிர்ப்பக்கத்தில் 91-க்குக் கொஞ்சம் மேலே.

இதை வைத்தே தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். கோட்டுக்கு மேலே ஒரு C, கீழே ஒரு D வைத்து இரண்டையும் அளந்து பாருங்கள். ஒன்று குறைந்து மற்றது அதே அளவு கூடியிருந்தால் உங்கள் கோடு விட்டமே இல்லை, வெறும் நாண். இரண்டுமே குறைந்திருந்தால் பாகைமானியை வைத்த விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி வந்தால் கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கும். ஆரம் பாதி வழியில் மாறிப்போன வட்டம் வட்டமே இல்லை.

"திருப்பிச் சொல்லலாமா? செங்கோணம்னா அரைவட்டத்துலதான் இருக்கணுமா?"

சொல்லலாம். வரைகணிதத்தில் நமக்குப் பாதிக்கு மேல் உதவுவது இந்த மறுதலைதான். AB-யை நிலையாக வைத்து, ACB செங்கோணமாக அமையும் C-க்கள் எல்லாவற்றையும் குறித்தால், AB-யை விட்டமாகக் கொண்ட வட்டம் கிடைக்கும் (A, B தவிர). அந்த வட்டத்துக்குள்ளே C இருந்தால் கோணம் விரிகோணம், வெளியே இருந்தால் குறுங்கோணம். ஒரு செங்கோணத்தைத் தேடுகிறோம் என்றால் எங்கே தேடுவது என்று வட்டம் சொல்லிவிடுகிறது. இன்னொரு கோடு எங்கே அந்த வட்டத்தை வெட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

"கோட்டோட நடுவுல செங்குத்து போட வருது. முனையில போடச் சொன்னா தாள்ல இடமே இல்ல சார்!"

வழக்கமான முறையில் புள்ளிக்கு இருபுறமும் வில் வெட்ட வேண்டும். முனையில் ஒரு புறம் இல்லை. கோட்டை நீட்டலாம், தாளில் இடம் இருந்தால். இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்.

செங்குத்து வேண்டிய முனை P. கோட்டை விட்டு விலகி, மேலே எங்காவது ஒரு புள்ளி O வையுங்கள். எங்கே என்று யோசிக்கவே வேண்டாம், P-க்கு நேர் மேலே இல்லாமல் கோட்டின் பக்கம் சாய்வாக இருந்தால் போதும். O-வில் முள்ளை ஊன்றி, OP ஆரமாக வட்டம் போடுங்கள். அது P வழியாகப் போகும், கோட்டை இன்னொரு இடத்திலும் வெட்டும். அது Q. இப்போது Q-வையும் O-வையும் சேர்த்து நீட்டினால் வட்டத்தின் மறுபக்கத்தில் R கிடைக்கும். PR-ஐச் சேருங்கள். QR விட்டம், P பரிதியில் இருக்கிறது, ஆகவே P-யில் செங்கோணம். கவராயத்தை ஒரே ஒரு முறைதான் திறந்தோம்.

ஒரு எச்சரிக்கை. O-வை P-க்கு ஏறக்குறைய நேர் மேலே வைத்தால் Q, P-யை ஒட்டி விழும். அங்கே வட்டம் கோட்டை உரசிக்கொண்டு போவதால் வெட்டும் புள்ளி எது என்று கண்ணுக்குத் தெரியாது. O-வை ரொம்பத் தாழ்வாக வைத்தால் R, P-க்குப் பக்கத்தில் வந்துவிடும். குட்டிக் கோட்டை நீட்டி நீளக் கோடாக்கும்போது பிழையும் நீளும். P-யிலிருந்து பார்த்தால் O சுமார் 45 முதல் 60 பாகை உயரத்தில் இருப்பது நல்லது.

"இது நோட்டுக்கு மட்டும்தானா? மண்ணுல போட முடியுமா?"

இதைக் கேட்டவர் அந்த மேஸ்திரி. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் காப்பி உலர்த்தும் களத்துக்கு மூலை போட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பழைய தாங்குசுவர். அதை ஒட்டி நூல் கட்டியாகிவிட்டது. மூலை வர வேண்டிய இடத்துக்கு அப்பால் பாறை, நூலை நீட்ட வழியில்லை. களத்துக்கான இடத்தை ஏற்கெனவே வெட்டி நிரவியிருந்தார்கள், அதனால் தரை மட்டமாகத்தான் இருந்தது.

மூலையில் ஒரு முளை அடித்தோம், அது P. நூலிலிருந்து விலகி, P-யிலிருந்து சரியாக 10 அடியில் O முளை. பிறகு டேப்பின் நுனியை O-வில் மாட்டி, 10 அடியில் பிடித்துக்கொண்டு நூலை நோக்கி வட்டம் சுற்றினால், நூலைத் தொடும் இடம் Q. அதிலும் ஒரு முளை. அப்புறம் Q-விலிருந்து O வழியாக ஒரு நூலை இழுத்து, O-வைத் தாண்டி அதே 10 அடியில் R முளை. P-யையும் R-ஐயும் நூலால் இணைத்தால் அதுதான் களத்தின் அடுத்த பக்கம்.

O-வை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாலும், சரிபார்க்கத் தோதாக Q, P-யிலிருந்து 12 அடியில் விழும்படி O-வைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தோம். அப்படியானால் QR 20 அடி, PQ 12 அடி. PR 16 அடி வந்தாக வேண்டும், ஏனென்றால் 144 + 256 = 400. டேப் வைத்துப் பார்க்கையில் 16 அடியும் ஒரு நூலிழை கூடவும் இருந்தது. போதும் என்று விட்டுவிட்டோம்.

இதில் கவனம் முழுக்க Q, O, R மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதில் வேண்டும். R முளை பக்கவாட்டில் ஓர் அங்குலம் விலகினால், இந்த அளவுகளில் P-யிலிருந்து 30 அடி போகும் சுவர் அதன் கடைசியில் ஒன்றரை அங்குலம் விலகி நிற்கும். நைலான் கயிற்றை நீளம் அளக்கப் பயன்படுத்த வேண்டாம். இழுக்க இழுக்க நீளும், வெயிலில் ஒரு நீளம், பனியில் ஒரு நீளம். நேர் பார்க்க மட்டும் நூல், நீளத்துக்கு டேப்.

"எங்க ஆளுங்க 3-4-5 போடுறாங்க. அத விட இது என்னங்க ஒசத்தி?"

மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, அவற்றின் முனைகளுக்கு நடுவே 5 அடி வரும்படி பிடிப்பதுதான் 3-4-5. மட்டமான தரையில், டேப் பிடிக்க மூன்று பேர் இருந்தால் அது போதும். அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இரண்டு நீளங்கள் ஒரே நேரத்தில் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும், ஒருவர் கை தளர்ந்தால் போயிற்று. அரைவட்ட முறையில் ஒவ்வொரு நீளத்தையும் தனித்தனியாக, நிதானமாக அளக்கலாம். அளவு குறித்த டேப் கூட வேண்டாம், நீளாத ஒரு கம்பியோ நேரான மூங்கிலோ இருந்தால் போதும், ஏனென்றால் இங்கே தேவைப்படுவது எண் இல்லை, சம நீளம் மட்டும்தான்.

இன்னொன்று: மூலை போட்டு முடித்ததும் மேஸ்திரிகள் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றுதானா என்று பார்க்கிறார்கள் இல்லையா? அதுவும் இதே தேற்றம்தான். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால் குறுக்குக் கோடுகள் ஒன்றையொன்று பாதியாக வெட்டும். குறுக்கும் சமமானால், வெட்டும் இடத்திலிருந்து நான்கு மூலைகளும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. அதாவது நான்கும் ஒரே வட்டத்தில், குறுக்குகள் விட்டங்கள். அதனால் நான்கு மூலையிலும் செங்கோணம். மறந்துவிடக் கூடாதது, எதிர்ப்பக்கங்களை முதலில் சமன் பார்ப்பது. அதைப் பார்க்காமல் குறுக்களவு மட்டும் சமமாக இருந்தால் சரிவகமாகக்கூட இருக்கலாம்.

"நெரவாத சரிவுலயே முளை அடிச்சா என்ன ஆகும்?"

மலையில் வேலை செய்பவர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. வட்டம் சரிவின் மேல் விழுகிறது, செங்கோணமும் சரிவின் மேல்தான் அமைகிறது. நமக்கு வேண்டியதோ மேலிருந்து பார்க்கும்போது, அதாவது மட்டத்தில், செங்கோணம்.

சுவர்களில் ஒன்று சரிவுக்குக் குறுக்கே, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் போகிறது என்றால் தப்பித்தோம். கோணம் செங்கோணமாகவே இருக்கும், இறங்கும் பக்கத்தின் நீளம் மட்டும் குறையும். நான்கு அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், தரையோடு பிடித்த 10 அடி டேப் மட்டத்தில் 9 அடி 8½ அங்குலத்துக்குக் கிட்டத்தட்டத்தான் வரும்.

இரண்டு சுவருமே சரிவுக்குக் கோணலாகப் போனால்தான் வம்பு. அதே நாலுக்கு ஒன்று சரிவில், இரண்டு பக்கமும் சரிவுத் திசைக்கு 45 பாகையில் இருந்தால், மட்டத்தில் கோணம் ஏறத்தாழ 1.7 பாகை பிசகும். 30 அடிச் சுவரின் கடைசியில் அது கிட்டத்தட்ட 11 அங்குலம்! மூலையிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கினால் கோணம் அகன்றுவிடும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் சுருங்கிவிடும். இதில் மோசமான விஷயம், சரிவின் மேலேயே டேப் பிடித்தால் மூலைக்கு மூலை சரியாகவே காட்டும். 3-4-5 போட்டாலும் இதே பிழைதான். தளம் மட்டமாகி வரிசை எழும்பிய பிறகு அளந்தால்தான் குறுக்களவு ஒட்டாமல் நிற்கும்.

செய்ய வேண்டியது, டேப்பை மட்டமாகப் பிடித்து, இறங்கிய பக்கத்தில் தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியைத் தரைக்கு இறக்குவது. மேலே சொன்ன சரிவில் 10 அடிக்கு அதிகபட்சம் இரண்டரை அடி இறக்கம், இடுப்பளவு கூட இல்லை, தாராளமாகப் பிடிக்கலாம். டேப் மட்டமா என்று பார்க்க டியூப் லெவல் வேண்டும். மலைச் சரிவில் கண் சொல்லும் மட்டத்தை நம்பக் கூடாது. Q, O, R மூன்றிலும் நேராக நிற்கும் கழிகளை நட்டு, ஒன்றுக்குப் பின் ஒன்று மறைகிறதா என்று பார்த்தால் நேர்க்கோடும் சரியாகிவிடும்.

"தொடுகோடு வரையறப்ப நடுவுல ஒரு பெரிய வட்டம் போடச் சொல்றாங்க. அளவுகோல வச்சு வட்டத்த ஒட்டி இழுத்தா ஆகாதா?"

இழுத்தால் கோடு சரியாகத்தான் இருப்பது போலத் தெரியும். ஆனால் எந்தப் புள்ளியில் தொடுகிறது என்று உங்களால் காட்ட முடியாது. பென்சில் கோடும் வட்டமும் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு ஒட்டியே ஓடும்.

2.5 செ.மீ. ஆரமுள்ள வட்டம், மையம் O. O-விலிருந்து 6.5 செ.மீ. தூரத்தில் P. தொடுகோடு தொடும் புள்ளி A என்றால் OAP செங்கோணமாக இருக்க வேண்டும். செங்கோணத்தை எங்கே தேடுவது? OP-யை விட்டமாகக் கொண்ட வட்டத்தில். A ஏற்கெனவே முதல் வட்டத்திலும் இருக்கிறது. அப்படியானால் இரண்டு வட்டமும் வெட்டும் இடம்தான் A. OP-க்கு மையக்குத்துக்கோடு போட்டு நடுப்புள்ளி M கண்டு, 3.25 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால், மேலே A, கீழே B. இந்த இரண்டு வட்டங்களும் ஏறத்தாழ 67 பாகையில் குறுக்காக வெட்டுவதால் புள்ளி ஊசி முனை போல் கூர்மையாக விழும். PA-யை அளந்தால் 6 செ.மீ. வர வேண்டும், √(6.5² − 2.5²) = √36.

5.9 அல்லது 6.1 வந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் விலகினால் முதலில் M-ஐச் சரிபாருங்கள். OP-யைப் பாதியாக வெட்டும் வில்களுக்கு ஆரத்தை 3.25-ஐ விட ஒட்டினாற்போல் மட்டும் கூட்டியிருந்தால், அவை உரசிக்கொண்டு வெட்டி M-ஐ நகர்த்தியிருக்கும். 4.5, 5 செ.மீ. என்று தாராளமாகத் திறந்துகொள்ளுங்கள்.

"பத்தாம் வகுப்புப் புத்தகத்துல தேல்ஸ் தேற்றம்னு வேற ஒண்ணு இருக்கே?"

அது முக்கோணத்தில் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு போட்டால் மற்ற பக்கங்கள் ஒரே விகிதத்தில் பிரியும் என்ற அடிப்படை விகிதசமத் தேற்றம். இரண்டுக்கும் தேல்ஸ் பெயர் வழங்குகிறது. தேர்வில் தேல்ஸ் தேற்றம் என்று கேட்டால் விகிதத்தைத்தான் எழுத வேண்டும், அரைவட்டத்தை எழுதிவிட்டு வராதீர்கள். யூக்ளிடின் எலிமென்ட்ஸ் நூலில் அரைவட்டக் கோணம் மூன்றாம் புத்தகத்தில் 31-வது கூற்றாக வருகிறது.

"மையம் தெரியாத வட்டத்துக்கு இத வச்சு மையம் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும், அதற்குக் கவராயமே வேண்டாம். தச்சரிடம் ஒரு வட்டப் பலகை இருக்கிறது, நடுவில் துளை போட வேண்டும் என்று வையுங்கள். மூலைமட்டத்தின் வெளிமூலையைப் பலகையின் ஓரத்தில் சரியாகப் பொருத்தி, இரண்டு கைகளும் பலகையின் மேல் கிடக்கும்படி வைத்து, அவை எதிர் ஓரத்தைக் கடக்கும் இரண்டு இடங்களைக் குறிக்க வேண்டும். மூலையில் செங்கோணம் இருப்பதால் அந்த இரண்டு குறிகளையும் சேர்க்கும் கோடு விட்டம். மூலைமட்டத்தை வேறு இடத்துக்கு நகர்த்தி இன்னொரு விட்டம் போட்டால், இரண்டும் வெட்டும் இடம் மையம். இரண்டாவது விட்டம் முதலாவதற்குக் கிட்டத்தட்டக் குறுக்காக வருமாறு வைப்பது நல்லது. மூன்றாவதாக ஒன்று போட்டுப் பார்த்து, அது அதே புள்ளி வழியாகப் போகவில்லை என்றால் பலகை சரியான வட்டம் இல்லை, அல்லது மூலைமட்டம் தேய்ந்திருக்கிறது. எது என்று அறிய, மூலைமட்டத்தை நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு இழுத்து, அதைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியில் இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மூலைமட்டம் நல்லது. பலகையைத்தான் மறுபடி இழைக்க வேண்டும்.